கப்பலே பிரதிவாதி: மாலுமியின் நிலுவை ஊதியமும் கப்பல் கைதுச் சட்டமும்

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் கரையைக் கடந்தபோது, சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ என்னும் எண்ணெய்க் கப்பல் இழுத்துச் செல்லப்பட்டு எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டியது. கப்பலைக் கைவிட்டு உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு அலையில் கவிழ்ந்தது. மீனவர்கள் பலரை மீட்டனர். ஆறு மாலுமிகள் உயிரிழந்தனர். மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை, உணவும் எரிபொருளும் போதுமான அளவு இல்லை என்று உயிர் பிழைத்தவர்கள் அப்போது கூறினர்.

அந்தச் செய்தியைப் புயலின் செய்தியாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் புயலுக்கு முன்பே அங்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஊதியம் நின்றுபோன ஒரு கப்பலில் மாலுமிகள் காத்திருந்தனர். இத்தகைய காத்திருப்பு இன்றும் பல துறைமுகங்களில் தொடர்கிறது. ‘அடுத்த சரக்கு ஏற்றியதும் பணம் வந்துவிடும்’ என்று நிறுவனம் சொல்லும். அடுத்த சரக்கு வராது. நான்கு மாதம் எட்டு மாதமாகும். இந்த நிலையில் உள்ள மாலுமியின் கையில் வேறெந்தத் தொழிலாளிக்கும் எளிதில் கிடைக்காத ஓர் ஆயுதத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. தனக்கு ஊதியம் தராத கப்பலையே நீதிமன்ற ஆணையின் மூலம் கைது செய்து, தேவையானால் ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தில் முதல் ஆட்களில் ஒருவராகத் தன் ஊதியத்தைப் பெறும் உரிமை அது. அது எவ்வாறு செயல்படுகிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உரிமையாளர் எங்கே இருக்கிறார்?

நிலத்தில் உள்ள ஆலை ஊதியம் தரவில்லையென்றால் தொழிலாளி யார்மீது வழக்குத் தொடுப்பது என்று தேட வேண்டியதில்லை. ஆலை அங்கேயே நிற்கிறது. முதலாளிக்கு ஊரில் வீடு இருக்கிறது. கப்பலில் நிலைமை வேறு. கப்பல் ஒரு நாட்டின் கொடியைத் தாங்கியிருக்கும். அதன் உரிமையாளராகப் பதிவாகியிருக்கும் நிறுவனம் இன்னொரு நாட்டில் ஓர் அஞ்சல் முகவரியாக மட்டும் இருக்கும். அந்த நிறுவனத்துக்கு அந்த ஒரு கப்பலைத் தவிர வேறு சொத்தே இருக்காது. கப்பலை நடத்துவது மூன்றாவது நாட்டில் உள்ள மேலாண்மை நிறுவனம். ஆளெடுத்தது மும்பையிலோ சென்னையிலோ உள்ள முகவர். ஊதியம் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவர்.

இந்தச் சிக்கலுக்குக் கடல்சார் சட்டம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு விடையைக் கண்டது. ஆளைத் தேடாதே, கப்பலைப் பிடி என்பதுதான் அது. இவ்வகை வழக்கில் கப்பலே பிரதிவாதி. வழக்கின் தலைப்பிலும் கப்பலின் பெயரே இருக்கும். உரிமையாளர் தன் கப்பலை விடுவிக்க விரும்பினால் அவரே நீதிமன்றத்தைத் தேடி வர வேண்டும். வராவிட்டாலும் வழக்கு நின்றுவிடாது. கப்பல் நீதிமன்றத்தின் பிடியில் இருக்கிறது.

இந்தியாவில் இந்த அதிகாரம் நெடுங்காலம் 1861, 1890 ஆகிய ஆண்டுகளின் ஆங்கிலேயர் காலச் சட்டங்களின் மீதே நின்றது. 1992இல் ‘எம்.வி. எலிசபெத்’ வழக்கில் அந்தப் பழைய சட்டத்தின் குறுகிய எல்லையைக் காட்டித் தப்ப முயன்றது ஒரு வெளிநாட்டுக் கப்பல் தரப்பு. இந்திய உயர்நீதிமன்றங்களின் கடல்சார் அதிகாரம் காலனியச் சட்டத்தோடு உறைந்துபோனதல்ல என்று கூறி உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. பின்னர் நாடாளுமன்றம் 2017ஆம் ஆண்டின் கடல்சார் அதிகார வரம்பு மற்றும் கடல்சார் கோரிக்கைகள் தீர்வுச் சட்டத்தை இயற்றியது. 2018 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. சென்னை, மும்பை, கொல்கத்தா, கேரளம், கர்நாடகம், குஜராத், ஒடிசா உள்ளிட்ட கடற்கரை மாநில உயர்நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரம் உண்டு.

பற்றுரிமை என்றால் என்ன?

சட்டம் இரண்டு வகை உரிமைகளைப் பிரித்துப் பார்க்கிறது. கப்பல் தொடர்பான எந்தக் கடனும் பொதுவாக ஒரு ‘கடல்சார் கோரிக்கை’. கப்பலுக்கு எரிபொருள் விற்றவர், பழுது பார்த்தவர், கடன் கொடுத்த வங்கி, ஊதியம் வராத மாலுமி ஆகிய அனைவருக்கும் கடல்சார் கோரிக்கை உண்டு. அனைவரும் கப்பலைக் கைது செய்யக் கேட்கலாம். ஆனால் இவற்றுள் மிகச் சிலவற்றை மட்டும் சட்டம் ‘கடல்சார் பற்றுரிமை’ என்று உயர்த்துகிறது. மாலுமியின் ஊதியம் அந்தச் சிலவற்றில் முதலாவது.

பற்றுரிமை என்பது கப்பலின் உடலோடு ஒட்டிக்கொண்ட கடன். ஊதியம் நிலுவையான கணத்திலேயே அது கப்பலின்மீது ஏறிவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எவருக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. கப்பலை விற்றாலும், பெயரை மாற்றினாலும், ஒரு நாட்டின் கொடியை இறக்கி இன்னொரு நாட்டின் கொடியை ஏற்றினாலும் அந்தக் கடன் இறங்காது. சட்டத்தின் 9ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு கப்பலுக்கு எரிபொருள் விற்றவருக்கும் அதன் சமையலருக்கும் பணம் பாக்கி. கப்பல் கைதாகும் முன்பே உரிமையாளர் அதை வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். கைதாகும் வேளையில் கடன்பட்டவரே உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது எரிபொருள் விற்றவருக்கான விதி. ஆகவே புதிய உரிமையாளரின் கையில் உள்ள அந்தக் கப்பலை அவரால் பிடிக்க இயலாது. எரிபொருள் போன்ற தேவைப் பொருள் வழங்கியவரின் கோரிக்கை பற்றுரிமை அல்ல என்பதை 2017இல் கிரிசோமார் வழக்கில் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. சமையலருக்கு இந்தத் தடை இல்லை. கப்பலை வாங்கியவர் ‘எனக்கு இந்த ஆளையே தெரியாது’ என்று கூறினாலும் கப்பல் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊதியம் என்பதும் மாதச் சம்பளம் மட்டுமன்று. வேலைவாய்ப்பு தொடர்பாகச் சேர வேண்டிய பிற தொகைகள், ஊர் திரும்பும் செலவு, மாலுமிக்காக நிறுவனம் கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுத் தொகை ஆகியவையும் இதில் அடங்கும். மாலுமி இறந்துவிட்டால் அவரது வாரிசுகளும் சார்ந்திருந்தோரும் கோரலாம்.

வரிசையில் யார் முன்னே?

கைதான கப்பல் விற்கப்படும்போது, கிடைக்கும் பணம் பெரும்பாலும் எல்லாக் கடனுக்கும் போதாது. அப்போது வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சட்டத்தின்படி முதலில் பற்றுரிமைகள், அடுத்து பதிவுபெற்ற அடமானம், அதன் பின்னரே மற்ற கோரிக்கைகள். பற்றுரிமைகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு: மாலுமி ஊதியம், உயிரிழப்பு மற்றும் உடற்காயத்துக்கான இழப்பீடு, கப்பலை ஆபத்திலிருந்து மீட்டவருக்கான ஊதியம், துறைமுக வரிகள், கப்பல் ஏற்படுத்திய பொருட்சேதம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கு. தூத்துக்குடியில் நங்கூரமிட்ட ஒரு பழைய சரக்குக் கப்பலில் 12 பேர். எல்லோருக்குமாக மாத ஊதியம் 10 லட்சம் ரூபாய். ஒன்பது மாதம் நிலுவை 90 லட்சம். ஊர் திரும்பும் செலவு 10 லட்சம். ஆக மாலுமிகளின் கோரிக்கை 1 கோடி. துறைமுகத்துக்குப் பழைய பாக்கி 50 லட்சம். வங்கிக்கு அடமானக் கடன் 6 கோடி. எரிபொருள் விற்றவருக்கு 80 லட்சம்.

கப்பல் உடைப்பதற்கான விலைக்கு 4 கோடி ரூபாய்க்கு ஏலம் போகிறது. ஏலத்துக்கும் கைதுக் காலத்தில் கப்பலைப் பாதுகாப்பதற்கும் ஆன செலவு 70 லட்சம் முதலில் கழியும். அந்தச் செலவு இல்லாமல் விற்பனையே நடந்திராது என்பதால் அது எல்லாருக்கும் முன்னே நிற்கிறது. மீதி 3 கோடியே 30 லட்சம். மாலுமிகள் தங்கள் 1 கோடியை முழுமையாகப் பெறுகின்றனர். துறைமுகம் 50 லட்சம் பெறுகிறது. எஞ்சிய 1 கோடியே 80 லட்சம் வங்கிக்குப் போகிறது. 6 கோடி கொடுத்த வங்கிக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. எரிபொருள் விற்றவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. கோடிகளைக் கடன் கொடுத்த வங்கிக்கு முன்னால் கப்பலின் தளத்தைக் கழுவியவர் நிற்கிறார். சொத்தின் வரிசை தலைகீழாகும் அரிதான இடங்களில் இதுவும் ஒன்று.

மாலுமிகளுக்குள் வரிசை கிடையாது என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரே படிநிலையில் உள்ள கோரிக்கைகள் சம மதிப்புடையவை. பணம் குறைந்தால் கேப்டனுக்கு முதலில், சமையல் உதவியாளருக்குக் கடைசியில் என்று பிரிப்பதில்லை. அவரவர் நிலுவையின் விகிதத்தில் எல்லோருக்கும் குறையும்.

இப்போது அதே கணக்கில் காலத்தை மட்டும் மாற்றுவோம். மாலுமிகள் நிறுவனத்தின் வாக்குறுதியை நம்பி இன்னும் ஓராண்டு காத்திருந்தனர் என்க. பராமரிப்பின்றித் துருவேறிய கப்பல் 1 கோடியே 50 லட்சத்துக்கே போகிறது. பாதுகாப்புச் செலவு 90 லட்சம். மீதி 60 லட்சம். சிலர் இடையில் இறங்கிப் போனதையும் கணக்கில் கொண்டு மாலுமிகளின் மொத்தக் கோரிக்கை 1 கோடியே 20 லட்சம் என்றால், ஒவ்வொருவருக்கும் ரூபாய்க்கு 50 காசு. முதலிடம் பறிபோகவில்லை, ஆனால் அந்த முதலிடத்தின் கீழிருந்த பொருள் கரைந்துவிட்டது. பற்றுரிமையின் மதிப்பு கப்பலின் மதிப்பைத் தாண்டாது. ஆகவே காத்திருப்பின் விலையை மாலுமியே கொடுக்கிறார்.

கைது நடைபெறும் முறை

முதல் கேள்வி, கப்பல் எங்கே இருக்கிறது என்பது. கைது ஆணை பிறப்பிக்கும் உயர்நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்ட கடற்பரப்பில் கப்பல் இருக்க வேண்டும். அந்தப் பரப்பு கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை. மாலுமி எந்த ஊரினர், எங்கே ஒப்பந்தம் போட்டார், கப்பலின் கொடி எது என்பவை தடையல்ல. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி, காரைக்கால் ஆகிய துறைமுகங்களில் உள்ள கப்பலுக்குச் சென்னை உயர்நீதிமன்றம். கொச்சியில் என்றால் கேரள உயர்நீதிமன்றம். கப்பல் 12 மைலுக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றால் கண்ணுக்குத் தெரிந்தாலும் கைக்கு எட்டாது. சில உரிமையாளர்கள் வேண்டுமென்றே அப்படி நிறுத்துவதும் உண்டு.

கப்பலை அடையாளம் காண அதன் பெயரை நம்பக் கூடாது. பெயரை ஒரே நாளில் மாற்றி எழுதலாம். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் கப்பல் பிறந்தது முதல் உடைக்கப்படும் வரை மாறாது. கப்பலின் உடலிலும் அதன் சான்றிதழ்களிலும் அது இருக்கும். கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இந்த எண்ணைத்தான். கப்பலின் நடமாட்டத்தைக் காட்டும் இணையதளங்களில் இதை இட்டால் கப்பல் எங்கே நிற்கிறது, அடுத்து எந்தத் துறைமுகம் என்பது பெரும்பாலும் தெரியும். கப்பல் தன் சமிக்ஞைக் கருவியை அணைத்துவிட்டால் மட்டும் அது தெரியாது.

அடுத்தது ஆவணம். வேலை ஒப்பந்தம், மாலுமியின் பணிச்சான்றுப் புத்தகத்தில் ஏறிய நாள் குறித்த பதிவு, கேப்டன் கையெழுத்திட்ட பணியாளர் பட்டியல், மாதாந்திர ஊதியக் கணக்கு, எந்த மாதம் வரை பணம் வந்தது என்று காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, ‘அடுத்த வாரம் அனுப்புகிறோம்’ என்று நிறுவனம் அனுப்பிய செய்திகள். இவற்றுள் எல்லாம் கிடைக்காவிட்டாலும் வழக்கு விழுந்துவிடாது. எனினும் கேப்டன் கையெழுத்திட்ட நிலுவைக் கணக்கு ஒன்று இருந்தால் பாதி வழக்கு முடிந்தது போன்றது. கேப்டனுக்கும் ஊதியம் பாக்கி என்பதால் அவர் பெரும்பாலும் மறுப்பதில்லை.

மாலுமிகள் அனைவரும் சேர்ந்து ஒரே வழக்காகத் தொடுக்கலாம். கப்பலை விட்டு இறங்க இயலாதவர்கள் கரையில் உள்ள ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து அவர் மூலம் வழக்கை நடத்தலாம். சென்னையில் இவ்வழக்கு உயர்நீதிமன்றத்தின் அசல் அதிகாரப் பிரிவில் தாக்கலாகிறது. மனுவோடு, கப்பலைக் கைது செய்யக் கோரும் அவசர விண்ணப்பமும் பிரமாணப் பத்திரமும் இணைக்கப்படும். கப்பல் இன்றிரவு புறப்படப் போகிறதென்றால் அதை எடுத்துக்காட்டி அன்றே விசாரிக்குமாறு கேட்கலாம். எதிர்த்தரப்பு இல்லாமலே நீதிபதி ஆணை பிறப்பிக்கலாம். முன்கூட்டி அறிவித்தால் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிடும் அல்லவா?

கைது தவறானதென்றோ அளவுக்கு மீறிய தொகை கேட்டதென்றோ பின்னர் தீர்ப்பானால் உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்வதாக உறுதிமொழி தருமாறு 11ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் கேட்கலாம். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தொகையைப் பெருக்கிக் காட்டக் கூடாது. ஒவ்வொருவருக்கும் மாத வாரியாக எவ்வளவு, எந்த ஆவணத்தின்படி என்று கணக்கு தெளிவாக இருக்க வேண்டும்.

ஆணை கிடைத்ததும் அது கப்பலில் ஒட்டப்படுகிறது, கேப்டனிடம் ஒப்படைக்கப்படுகிறது. இதைவிட முக்கியம், துறைமுக அதிகாரிக்கும் சுங்கத்துறைக்கும் ஆணையின் நகல் சேர்வது. துறைமுகத்தை விட்டுப் புறப்படும் அனுமதியை அவர்கள்தான் தர வேண்டும். அந்த அனுமதி நின்றுவிட்டால் கப்பல் நின்றுவிட்டது.

கைதுக்குப் பின்

உரிமையாளருக்கு அந்தக் கப்பலால் இன்னும் வருமானம் உண்டு என்றால் அவரது வழக்கறிஞர் விரைவில் வந்துவிடுவார். சரக்கோடு நிற்கும் கப்பலுக்கு ஒவ்வொரு நாளும் இழப்பு. மாலுமிகளின் தொகை அதனோடு ஒப்பிட்டால் சிறிது. உரிமையாளர் பணத்தைக் கொடுத்துத் தீர்க்கலாம். அல்லது கோரிய தொகைக்கு வங்கி உத்தரவாதமோ ரொக்கமோ நீதிமன்றத்தில் கட்டிக் கப்பலை விடுவித்துக்கொண்டு வழக்கை எதிர்க்கலாம். அவ்வாறு விடுவித்தால் மாலுமியின் உரிமை கப்பலிலிருந்து அந்தப் பிணைத் தொகைக்கு மாறுகிறது. கப்பல் போய்விட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. பணம் நீதிமன்றத்தில் இருக்கிறது.

கடினமானது, யாருமே வராத நிலை. கப்பலின் விலையைவிடக் கடன் அதிகமென்றால் உரிமையாளர் அதைக் கைகழுவிவிடுவார். இதற்காகவே 11ஆம் பிரிவில் ஒரு காலக்கெடு உள்ளது. கைதான பின் உரிமையாளர் கப்பலைக் கைவிட்டால், கைதான அல்லது கைவிட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றம் அதை ஏலம் விட வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து இன்னும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். நடைமுறையில் மதிப்பீடு, விளம்பரம், போதிய விலை வராமல் மறு ஏலம் என்று இது நீள்வதுண்டு. எனவே வழக்கை நடத்துபவர் இந்தக் காலக்கெடுவைச் சுட்டிக்காட்டி ஏல விண்ணப்பத்தைத் தாமதமின்றித் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றத்தின் ஏலத்தில் வாங்குபவருக்குக் கப்பல் எல்லாக் கடன்களிலிருந்தும் விடுபட்டுக் கிடைக்கிறது. அதனால்தான் ஏலத்துக்கு ஆள் வருகிறார்கள். அதே காரணத்தால், ஏலப் பணத்தில் தன் கோரிக்கையைப் பதிவு செய்யத் தவறிய மாலுமி பின்னர் அந்தக் கப்பலைத் தொட முடியாது.

இடைப்பட்ட நாட்களில் கப்பலில் இருப்பவர்கள் எதை உண்பது? கைதான கப்பலிலும் நங்கூரத்தைக் காக்கவும் தீ, வெள்ளம் ஆகியவற்றைத் தடுக்கவும் ஆட்கள் தேவை. அவர்களுக்கு உணவு, குடிநீர், மின்னாக்கிக்கு டீசல் ஆகியவை வழங்கவும், அந்தச் செலவை விற்பனைப் பணத்திலிருந்து முதலில் கழிக்கவும் தனி விண்ணப்பம் மூலம் நீதிமன்றத்திடம் கேட்கலாம். கைது விண்ணப்பத்தோடு சேர்த்தே இதைக் கேட்டுவிடுவது நல்லது. புயல் காலத்தில் எரிபொருளின்றி நிற்கும் கப்பலில் இது உயிர்ப் பிரச்சினை.

எங்கே சறுக்குகிறது?

முதல் சறுக்கல் காலம். ஊதியத்துக்கான பற்றுரிமை இரண்டு ஆண்டுகள் மட்டுமே உயிரோடிருக்கும். மற்ற பற்றுரிமைகளுக்கு ஓராண்டுதான். ஒவ்வொரு மாத ஊதியமும் எந்த நாளில் தர வேண்டியிருந்ததோ அந்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பானது. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியதோ, அரசுக்குப் புகார் கொடுத்ததோ இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. கப்பல் கைதாகியிருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டால் கடன் அழிந்துவிடாது. கப்பல் அதே உரிமையாளரிடம் இருந்தால் சாதாரணக் கடல்சார் கோரிக்கையாக வழக்குத் தொடரலாம். ஆனால் வரிசையின் முதலிடமும், விற்ற கப்பலையும் துரத்திப் பிடிக்கும் வலிமையும் போய்விடும்.

இரண்டாவது சறுக்கல் கையெழுத்து. ஊர் திரும்ப விமானச் சீட்டு தருகிறோம், இதில் கையெழுத்திடு என்று ஒரு தாள் நீட்டப்படும். ‘எனக்குச் சேர வேண்டியதனைத்தும் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் இருக்கும். மாலுமி தன் பற்றுரிமையை ஒப்பந்தம் மூலம் இழந்துவிட முடியாது என்று 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்திலேயே எழுதப்பட்டது உண்மைதான். ஆனால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பது உரிமையைத் துறப்பதன்று. பணம் வந்துவிட்டது என்பதற்கான சாட்சி. அது பொய் என்று நிரூபிக்கும் பாரம் மாலுமியின் தலையில் விழும். கையெழுத்திட்டே ஆக வேண்டுமென்றால், உண்மையில் பெற்ற தொகையையும் மீதி நிலுவை என்பதையும் தன் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

மூன்றாவது, கப்பலை விட்டு இறங்கினால் ஊதிய உரிமை போய்விடும் என்ற அச்சம். இந்த அச்சமே பலரை மாதக்கணக்கில் துருப்பிடித்த கப்பலில் கட்டிப்போடுகிறது. பற்றுரிமை மாலுமி கப்பலில் இருப்பதைச் சார்ந்ததன்று. இறங்கிய பின்னும் அது கப்பலின்மீதே இருக்கிறது. நிலுவைக் கணக்கைக் கேப்டனிடம் எழுதி வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

நான்காவது, கைதே மாலுமிக்குச் சிறையாகிவிடும் ஆபத்து. எகிப்தில் 2017இல் பிடித்து வைக்கப்பட்ட ‘அமன்’ என்ற கப்பலில், அதன் சட்டப் பொறுப்பாளர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்ட சிரிய நாட்டு அதிகாரி ஒருவர் 2021 ஏப்ரல் வரை ஊர் திரும்ப முடியவில்லை. இடையில் அவரது தாய் இறந்தபோதும் போக இயலவில்லை. கப்பலின் பாதுகாவலர் என்ற பொறுப்பை ஏற்குமாறு எந்தத் தாள் வந்தாலும் மொழி புரியாமல் அதில் கையெழுத்திடக் கூடாது என்பது அதன் பாடம். மாலுமிகளை மாற்றி வேறு காவலாட்களை நியமிக்குமாறு நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும்.

கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றால் இந்தியச் சட்டம் அங்கே செல்லாது. அந்நாட்டு நீதிமன்றத்தையே நாட வேண்டும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் காப்பீடு. 2006இல் உருவான இந்த உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடன்படிக்கையை ஏற்ற நாட்டின் கொடியுள்ள கப்பல், கைவிடப்படும் மாலுமிகளுக்கான காப்பீட்டை வைத்திருக்க வேண்டும்; காப்பீட்டாளரின் தொடர்பு விவரம் அடங்கிய சான்றிதழைக் கப்பலில் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு மாதம் ஊதியம் தராமல் நிறுவனம் தொடர்பைத் துண்டித்தாலே அது கைவிடல்தான். காப்பீடு நான்கு மாதம் வரையிலான நிலுவை ஊதியத்தையும், உணவையும், ஊர் திரும்பும் செலவையும் தரும். அதற்கு மேற்பட்ட நிலுவைக்குத்தான் கப்பல் கைது. ஆகவே நான்காம் மாதம் முடியும் முன்பே செயல்படுவது எல்லா வகையிலும் பயன் தரும்.

வழக்குச் செலவு

உயர்நீதிமன்றத்தில் வழக்கு, கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்றதும் மாலுமியின் குடும்பம் பின்வாங்குவது இயல்பு. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனே வட்டியோடு நிற்கும் வீட்டில் இதற்குப் பணம் ஏது? இங்கே இரண்டு வழிகள் உள்ளன. கட்டணம் செலுத்த வசதியற்றவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் ஆணையின்கீழ் கட்டணமின்றி வழக்குத் தொடுக்க அனுமதி கோரலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியுடையவர்கள். மற்றவர்கள் வருமான வரம்பு உள்ளிட்ட பிற தகுதிகளின்கீழ் கேட்கலாம். வழக்கறிஞரை அமர்த்துவதும் நீதிமன்றக் கட்டணமும் இந்த உதவியில் அடங்கும். விண்ணப்பிக்க வேண்டிய இடம் உயர்நீதிமன்றத்தின் சட்டப் பணிகள் குழு. தலித் மாலுமி ஒருவரின் குடும்பம் உதவி தேடி வந்தால், செயற்பாட்டாளர் முதல் நாளிலேயே எழுதித் தர வேண்டிய விண்ணப்பம் இதுதான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில நாட்களுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.

அந்த விண்ணப்பத்தோடு நான்கு தகவல்கள் கையில் இருந்தால் எந்த வழக்கறிஞரும் அன்றே மனுவை எழுதத் தொடங்கிவிடலாம்: கப்பலின் ஐ.எம்.ஓ. எண், அது இப்போது நிற்கும் இடம், கடைசியாக ஊதியம் வந்த தேதி, கப்பலில் உள்ள மற்ற மாலுமிகளில் எத்தனை பேருக்கு எவ்வளவு நிலுவை. உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்ற தேடலைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். கப்பல் கைதான பின் அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் தானாகவே நீதிமன்றத்துக்கு வந்து சேரும்.